தாமத நட்டஈட்டுக்கு எல்லை வைப்பது எப்படி: பம்பி விநியோக ஒப்பந்தம் ஒன்றை முன்வைத்து

கேள்வி: "நாங்கள் கொழும்பில் பம்பிகள் இறக்குமதி செய்து விற்கும் சிறிய கம்பனி. ராஜகிரியவில் கட்டப்படும் தொடர்மாடிக்கு எட்டுப் பம்பிகளும் நான்கு கொன்ட்ரோல் பெனல்களும் 8 வாரத்தில் கொடுக்க வேண்டும். வற் இல்லாமல் 40 மில்லியன் ரூபாய். பிரதான ஒப்பந்தக்காரர் அனுப்பிய வரைவில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் மொத்தத் தொகையில் 0.5% எல்டி, அதாவது முன்கூட்டியே குறித்த தாமத நட்டஈடு, என்று இருக்கிறது, உச்சவரம்பு இல்லை. எங்கள் இலாபம் 12% மட்டுமே. கேட்டால் 'இது எல்லாருக்கும் போடும் வழமையான வாசகம்' என்கிறார்கள். ஓடரை இழக்காமல் இதை எப்படிக் குறைப்பது?"

பதில்:

வரைவு அப்படியே போனால் ஒரு நாளுக்கு 200,000 ரூபாய். உங்கள் இலாபம் முழுவதும் 4.8 மில்லியன். ஆகவே 24ஆம் நாளில் இலாபம் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கைக்காசு. சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வரும் சரக்கு ஒரு கப்பலைத் தவறவிட்டு, இடைத்துறைமுகத்தில் கிடந்து, கொழும்பில் ஒரு ஆவணத் திருத்தத்துக்காக நின்றாலே 24 நாள் போய்விடும். இதைக் குறைக்கக் கேட்பதில் தயங்க எதுவும் இல்லை.

ஆனால் எல்டி வாசகத்தையே எடுத்துவிடச் சொல்லிக் கேட்காதீர்கள். அது உங்களுக்குப் பாதகமான கோரிக்கை. வாசகம் இல்லாவிட்டால் தாமதத்துக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. வாங்குபவர் தமக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பைக் கணக்குக் காட்டிக் கேட்கலாம். தொழிலாளர் சும்மா இருந்த கூலி, வாடகைக்கு நிறுத்திய பாரந்தூக்கி, கட்டட உரிமையாளர் அவரிடம் பிடித்த தொகை எல்லாம் அந்தக் கணக்கில் வந்து சேரும். அதற்கு ஒப்பந்தத்தில் எல்லையும் இருக்காது. ஒழுங்காக எழுதிய எல்டி வாசகம் வழங்குநருக்கு ஒரு வேலி. தாமதமானால் இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உங்களிடம் வந்திருக்கும் வரைவில் வேலியின் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

எல்டி என்பது மூன்று எண்களின் பெருக்கல். எந்தத் தொகையின் மேல் சதவீதம் போடுகிறார்கள், சதவீதம் எவ்வளவு, எத்தனை நாள். உச்சவரம்பு இந்த மூன்றுக்கும் மேல் மூடியாக உட்காருகிறது. பேச்சுவார்த்தையில் பெரும்பாலானோர் சதவீதத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள், அது கண்ணுக்குத் தெரிவதால். என் கணிப்பில் விட்டுக்கொடுக்கக்கூடியது அந்தச் சதவீதம்தான். அடித்தொகை, தாமத நாட்களை எண்ணும் கடிகாரம், மூடி ஆகிய மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடித்தொகை. "மொத்த ஒப்பந்தத் தொகையில்" என்ற ஒரு சொற்றொடர்தான் வரைவிலேயே அதிகம் செலவு வைப்பது. உங்கள் ஓடரை எடுத்துப் பார்ப்போம். நான்கு பம்பி அறைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பம்பியும் ஒரு பெனலும். எட்டுப் பம்பிகளின் விலை 37 மில்லியன், நான்கு பெனல்களின் விலை 3 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் அறைக்கு 10 மில்லியன். பம்பிகள் எல்லாம் நேரத்துக்கு வந்துவிட்டன, இரண்டு அறைக்கான பெனல்கள் மட்டும் 20 நாள் பிந்தின. வரைவின்படி பிந்தியது 1.5 மில்லியன் பெறுமதியான சாமான், எல்டியோ 4 மில்லியன். நேரத்துக்குக் கொடுத்த 38.5 மில்லியன் பெறுமதியான சாமானுக்கும் சேர்த்துத் தண்டம் கட்டுகிறீர்கள்.

இதற்கு வழக்கமான மாற்று, தாமதமான பொருளின் பெறுமதியில் மட்டும் சதவீதம் கணக்கிடுவது. உலக வங்கியின் பொருள் கொள்வனவு மாதிரி ஆவணங்களிலும் அடித்தொகை அதுதான்: பிந்திய பொருளின் விலையில், ஒவ்வொரு வாரத்துக்கும் இத்தனை சதவீதம், ஓர் உச்சவரம்பு வரை. பேசும்போது இதைச் சொல்லிக்காட்டலாம். வாங்குபவருக்கும் தெரிந்த வடிவம் என்பதால் விசித்திரமான கோரிக்கையாகத் தோன்றாது.

இருந்தாலும் அவர் உடனே ஒரு கேள்வி கேட்பார், அது நியாயமான கேள்வி: "பெனல் இல்லாமல் பம்பியை வைத்து நான் என்ன செய்வது?" வாரத்துக்கு 0.5% என்று வைத்து 1.5 மில்லியனுக்குக் கணக்குப் போட்டால், பகுதி வாரத்தையும் முழு வாரமாக எடுத்து 3 வாரத்துக்கு 22,500 ரூபாய்தான் வரும். இரண்டு பம்பி அறைகள் முடங்கிக் கிடப்பதற்கு 22,500 என்று சொன்னால் எந்தக் கொள்வனவு முகாமையாளரும் சிரிப்பார். அதனால் நீங்களே முந்திக்கொண்டு நடுவழி ஒன்றைச் சொல்லுங்கள்: தாமதமான பொருளும், அது இல்லாததால் பயன்படுத்த முடியாமல் போன பொருளும் சேர்ந்து அடித்தொகை. உங்கள் விடயத்தில் அது அறைவாரியாக அமையும். இரண்டு அறை முடங்கினால் 20 மில்லியன், ஓர் அறை என்றால் 10 மில்லியன். இந்தப் பிரிவைத் தகராறு வந்தபின் பேச முடியாது. ஓடரோடு சேரும் விலைப் பட்டியலிலேயே நான்கு அறைகளையும் நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலையும் ஒப்படைக்கும் திகதியும் போட்டுவிடுங்கள். பட்டியல் ஒரே வரியில் "பம்பித் தொகுதி 1, ரூ. 40,000,000" என்று இருந்தால் எந்த வாசகமும் உங்களைக் காப்பாற்றாது.

அடித்தொகை வற் நீங்கலானது என்பதையும் எழுதிவிடுங்கள். 18% வற் சேர்ந்தால் உங்கள் தொகை 47.2 மில்லியன். "இன்வொய்ஸ் தொகையில்" என்று மொட்டையாக இருந்தால், வரைவின் விகிதத்தில் ஒரு நாள் எல்டி 236,000 ஆகிவிடும். அரசாங்கத்துக்குப் போகும் பணத்தின் மேலும் உங்களுக்குத் தண்டம்.

இனி கடிகாரம். எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, இடையில் எதற்காக நிறுத்தி வைக்கப்படும் என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

"ஓடர் திகதியிலிருந்து 8 வாரம்" என்பதை ஏற்காதீர்கள். உங்கள் உற்பத்தியாளர் முற்பணம் கையில் வராமலும் வரைபடம் அங்கீகரிக்கப்படாமலும் பெனலில் கைவைக்க மாட்டார். ஆகவே 8 வாரம் தொடங்குவது மூன்றில் கடைசியாக நடப்பதிலிருந்து: ஒப்பமிட்ட ஓடர் கிடைப்பது, முற்பணம் உங்கள் கணக்கில் சேர்வது, பெனல் வரைபடங்களைக் கட்டடத் திட்டத்தின் ஆலோசகர் அங்கீகரிப்பது. வரைபட அங்கீகாரத்துக்கு அவர்களுக்கு எத்தனை நாள் என்பதையும் எண்ணில் போடுங்கள், 7 நாள் என்று. அந்த எண் இல்லாவிட்டால் அவர்கள் பிந்தினார்கள் என்றே உங்களால் சொல்ல முடியாது. எல்டி தகராறுகளில் வழங்குநர் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாங்குபவர் தரப்புத் தாமதம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அதை அளக்கத் தாளில் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்காது.

கடிகாரம் நிற்பது சாமான் தளத்து வாசலுக்கு வந்து டிலிவரி நோட்டில் ஒப்பம் விழும் நேரத்தில். பல வரைவுகளில் "பரிசோதித்து ஏற்றுக்கொள்ளப்படும் வரை" என்று இருக்கும். அப்படியானால் தளப் பொறியியலாளர் லீவில் இருக்கும் நாட்களுக்கும் நீங்கள் எல்டி கட்டுவீர்கள். பரிசோதனையில் உண்மையாகவே குறை கண்டு திருப்பி அனுப்பினால் கடிகாரம் மறுபடி ஓடட்டும் என்று விட்டுக்கொடுக்கலாம், அது நியாயம். மறுபுறம், தளம் தயாராக இல்லை, பம்பி அறையில் கொங்கிரீட் இன்னும் காயவில்லை, கொண்டுவர வேண்டாம் என்று அவர்களே சொல்லும் சந்தர்ப்பமும் அடிக்கடி வரும். அதற்கு ஒரு வரி: சாமான் உங்கள் களஞ்சியத்தில் தயாராக இருக்கிறது என்று எழுத்தில் அறிவித்த நாளே ஒப்படைத்த நாளாகக் கொள்ளப்படும். அதற்குப் பிறகான களஞ்சியச் செலவை யார் ஏற்பது என்பதையும் அதே வரியில் முடித்துவிடலாம்.

இடையில் நிறுத்துவது, அதாவது கால நீடிப்பு. இதில் இரண்டு வகையைக் குழப்பாதீர்கள். வாங்குபவரால் வரும் தாமதம் ஒரு வகை: அங்கீகாரம் பிந்துதல், முற்பணம் பிந்துதல், நடுவில் ஓடரை மாற்றுதல். இதற்கு நாளுக்கு நாள் நீடிப்பு வேண்டும், விவாதமே இல்லை. மற்றது யார் கையிலும் இல்லாத காரணங்கள். இங்கே பொதுவாக "இயற்கை அனர்த்தம், யுத்தம், வேலைநிறுத்தம்" என்ற பழைய பட்டியலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கொழும்பில் இறக்குமதி செய்பவருக்கு அது போதாது. 2022இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வங்கிகளில் டொலர் இல்லாமல் எல்சி என்ற வங்கிக் கடனுறுதிக் கடிதம் திறக்க முடியவில்லை. நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதி வர்த்தமானி அறிவித்தலால் இடைநிறுத்தப்பட்டது. டொலர் கிடைக்கவில்லை என்பது "பணம் கட்டச் சிரமம்" மட்டுமே, முடியாமை அல்ல என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிடலாம். ஆகவே பெயர் சொல்லி எழுதுங்கள்: இறக்குமதிக் கட்டுப்பாட்டு விதிமுறை மாற்றம், அனுமதிப்பத்திரத் தேவை புதிதாக வருதல், ஓடர் போட்ட நாளில் கிடைத்த அந்நியச் செலாவணி வசதியை வங்கி மறுத்தல், துறைமுக அல்லது சுங்க வேலைநிறுத்தம். உங்கள் சொந்த ஆவணப் பிழையால் சுங்கத்தில் நிற்பது இதில் வராது, வரும்படி கேட்கவும் கூடாது. கேட்டால் மற்றக் கோரிக்கைகளின் நம்பகத்தன்மையும் கெடும்.

நீடிப்புக்கு அறிவித்தல் காலம் ஒன்று இருக்கும், பொதுவாக 7 அல்லது 14 நாள். காரணம் தெரியவந்த நாளிலிருந்து அதற்குள் எழுத்தில் அறிவிக்காவிட்டால் உரிமை போய்விடும் என்று சில வரைவுகளில் இருக்கும். குறைந்தது 14 நாளாக்கிக் கேளுங்கள், மின்னஞ்சல் போதும் என்றும் எழுதுங்கள். தொலைபேசியில் "ஓகே, பிரச்சினை இல்லை" என்று திட்ட முகாமையாளர் சொன்னது இறுதிக் கணக்கு நாளில் காற்றோடு போய்விடும். அன்றைய நாளே ஒரு மின்னஞ்சல்: என்ன நடந்தது, எந்தத் தொகுதி பாதிக்கப்படுகிறது, எத்தனை நாள் வேண்டும், என்ன ஆவணம் இணைத்திருக்கிறீர்கள். நாலு வரி போதும்.

நாள் என்றால் எந்த நாள் என்பதும் ஒரு சிறிய விடயம். எல்டி நாள்கணக்கில் இருந்தால் போயா, ஞாயிறு, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை எல்லாம் சேர்ந்துகொள்ளும். நாள்கணக்கை வாரக்கணக்காக்கி, முழு வாரம் நிறைந்தால் மட்டும் எல்டி என்று கேட்டுப் பாருங்கள். "வாரம் அல்லது அதன் பகுதி" என்று திருப்பிக் கேட்டால் விட்டுவிடலாம், பெரிய பணம் அல்ல.

இப்போது சதவீதம். நாளுக்கு 0.5% என்பது வாரத்துக்கு 3.5%. விநியோக ஒப்பந்தங்களில் அடிக்கடி காணப்படுவது வாரத்துக்கு 0.5%, 1% வரையும் போகும். வரைவை எழுதியவர் வாரத்துக்கு என்பதற்குப் பதில் நாளுக்கு என்று போட்டுவிட்டாரோ என்று சந்தேகிக்கும் அளவுக்கு உங்களுடைய எண் பெரியது, அப்படி நடப்பதும் உண்டு. நேராகக் குறைக்கக் கேட்பதைவிட, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பிரதான ஒப்பந்தக்காரருக்குக் கட்டட உரிமையாளரோடு தனியாக ஓர் எல்டி இருக்கும். முழுக் கட்டடமும் பிந்தினால் நாளுக்கு இத்தனை இலட்சம் என்று. அதைப் பயந்துகொண்டு கீழே உள்ள ஒவ்வொரு வழங்குநர்மேலும் முழுத் தொகையையும் இறக்கிவிடுவது வழக்கம். லிப்ட்காரர், ஜன்னல்காரர், பம்பிக்காரர் எல்லோரும் ஒரே இழப்புக்குத் தனித்தனியாகக் கட்டினால் அவருக்கு அது வருமானம். இதைக் குற்றம் சாட்டும் தொனியில் சொல்ல வேண்டாம். "பெனல் ஒரு வாரம் பிந்தினால் உங்கள் தளத்தில் என்னென்ன நின்றுபோகும், அதற்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டால் போதும். குழாய் பொருத்தும் குழுவின் கூலி, மேற்பார்வைச் செலவு என்று அவர் எண்ணிச் சொல்லும்போதே 200,000 அல்ல என்பது அவருக்கே தெரியும். சொன்ன தொகையைக் குறித்துவைத்து ஒரு மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இழப்பின் முன்மதிப்பீடு என்ன என்ற கேள்வி பின்னால் எழுந்தால் அது கைகொடுக்கும்.

சட்டம் பற்றி இங்கே ஒரு வார்த்தை, ஏனென்றால் "அநியாயமான தண்டத்தை நீதிமன்றம் எப்படியும் வெட்டிவிடும், ஒப்பமிடுங்கள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொருள் விற்பனைக்கு எங்களுக்கு 1896ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இருக்கிறது, பொதுவான ஒப்பந்த விடயங்களுக்கு ரோமன் டச்சுச் சட்டம். அந்த மரபில் உண்மை இழப்போடு பொருந்தாத மிகையான தண்டத்தைக் குறைக்க இடம் உண்டு. இங்கிலாந்தில் 1915ஆம் ஆண்டின் டன்லப் வழக்கு, உண்மையான முன்மதிப்பீட்டையும் வெறும் மிரட்டலையும் பிரித்துப் பார்த்தது. 2015இல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம், வாங்குபவரின் நியாயமான நலனுக்கு அத்தொகை அளவுமீறியதா என்று பார்க்கும்படி அளவுகோலை மாற்றியது. வியாபாரிகள் தங்களுக்குள் சமபலத்தோடு பேசி எழுதியதில் எளிதில் தலையிட மாட்டோம் என்ற சாயல் அதில் இருக்கிறது. வாதிட வழி உண்டு என்பது சரி. நடைமுறையில் சிக்கல் வேறு: பணம் அவர் கையில் இருக்கிறது. அவர் உங்கள் இன்வொய்ஸிலிருந்து கழித்துவிட்டு மிகுதிக்குக் காசோலை எழுதுவார். நீதிமன்றத்துக்கோ மத்தியஸ்தத்துக்கோ போக வேண்டியவர் நீங்கள். 4 மில்லியனுக்காக அந்த வழக்கை நடத்தும் செலவையும் காலத்தையும் எண்ணினால், ஒப்பமிடுமுன் ஒரு மணிநேரம் பேசுவது எவ்வளவோ மலிவு.

மூடிக்கு வருவோம். முதலில் 5% கேளுங்கள், அதாவது 2 மில்லியன். அது உங்கள் இலாபத்தில் ஏறத்தாழ 42%. அவர்கள் 10% என்பார்கள், 4 மில்லியன், இலாபத்தில் 83%. வலிக்கும், ஆனால் கம்பனி மூழ்காது. இடையில் 7.5% என்று முடியும் வாய்ப்பு அதிகம். எந்த எண்ணில் எழுந்து போவது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அதற்குப் பார்க்க வேண்டியது உங்கள் உற்பத்தியாளர் தரும் உறுதிமொழி. அவருடைய விற்பனை நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். உதாரணமாக, உங்கள் கொள்விலை 26 மில்லியனாக இருந்து அவர் தாமதத்துக்கு 5% வரைதான் தருவேன் என்றால், மேலிருந்து வருவது 1.3 மில்லியன் மட்டுமே. நீங்கள் 2 மில்லியனுக்கு ஒத்துக்கொண்டால் இடைவெளி 0.7, 4 மில்லியனுக்கு ஒத்துக்கொண்டால் 2.7. அந்த இடைவெளிதான் உங்கள் உண்மையான ஆபத்து. பல உற்பத்தியாளர் தாமதத்துக்கு ஒரு சதமும் தருவதாக எழுதுவதில்லை, அதையும் ஓடர் போடுமுன் கேட்டுவிட வேண்டும்.

மூடி மட்டும் இருந்து அதற்குப் பக்கத்துக் கதவு திறந்திருந்தால் பயனில்லை. வரைவில் "வேறு உரிமைகளுக்குப் பங்கமின்றி" அல்லது "ஏனைய நட்டஈட்டுக்கு மேலதிகமாக" என்ற சொற்களைத் தேடுங்கள். எல்டியும் வாங்கிக்கொண்டு உண்மை இழப்பையும் கேட்கும் கதவு அது. அதை எடுத்துவிட்டு, தாமதத்துக்கான ஒரே பண நிவாரணம் எல்டிதான் என்று எழுத வேண்டும். அவர் நியாயமாகக் கேட்பது: "மூடி நிறைந்த பிறகும் சாமான் வரவில்லையென்றால் நான் காத்துக்கொண்டே இருப்பதா?" அதற்கு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள்: மூடி எட்டியதும் 14 நாள் அறிவித்தல் கொடுத்து, வராத தொகுதிகளை மட்டும் ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்தால் வேறிடத்தில் கூடிய விலைக்கு வாங்கிய வித்தியாசத்தைக் கேட்பார். அது தாமதத்துக்கான எல்டி அல்ல, தனிக் கணக்கு. 2021இல் ஆங்கில நீதிமன்றம் ஒரு வழக்கில் இதையே தெளிவுபடுத்தியது: முடிவுறுத்தும் நாள்வரை எல்டி, அதற்குப் பிறகு சாதாரண நட்டஈடு. ஆகவே மொத்தப் பொறுப்புக்கும் ஒரு தனி மூடி வேண்டும், ஒப்பந்தத் தொகைக்கு மேல் போகாதபடி. வாடகை இழப்பு, விற்பனை இழப்பு போன்ற தொடர் இழப்புகள் நீக்கப்பட்டவை என்றும் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி அனுப்பினால் அது சட்டத்தரணி மேசையில் மூன்று வாரம் தூங்கும். ஒரே பந்தியாக மாற்று வாசகம் கொடுங்கள். கருத்து இப்படி இருக்கட்டும். ஒப்பந்தத்தின் மொழியில் உங்கள் சட்டத்தரணி அமைத்துத் தருவார்:

> வழங்குநர் தமது காரணத்தால் ஒப்படைக்கும் திகதியைத் தவறவிட்டால், தாமதமான தொகுதியின் வற் நீங்கலான விலையில் வாரத்துக்கு 1% தாமத நட்டஈடாகச் செலுத்துவார். இதன் மொத்தம் ஒப்பந்த விலையில் 5% ஐ மீறாது. வாங்குபவரின் தாமதத்துக்கும் இவ்வொப்பந்தத்தில் குறிப்பிட்ட கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளுக்கும் சமமான நாட்கள் நீடிக்கப்படும். தாமதத்துக்கு வாங்குபவரின் ஒரே பண நிவாரணம் இதுவே. உச்சவரம்பு எட்டப்பட்டால் 14 நாள் எழுத்து அறிவித்தலில் ஒப்படைக்கப்படாத தொகுதிகளை முடிவுறுத்தலாம்.

இதில் நான் வேண்டுமென்றே 0.5% அல்ல, 1% போட்டிருக்கிறேன். விகிதத்தில் தாராளமாக இருப்பது அவருக்குக் கண்ணில் படும் வெற்றி. விலை உங்களுக்கு எவ்வளவு என்று பழைய உதாரணத்திலேயே பாருங்கள். பெனல்கள் 20 நாள் பிந்தின. அதில் 6 நாள் ஆலோசகர் தமக்குரிய 7 நாளையும் தாண்டி வரைபடத்தை வைத்திருந்தது, மிகுதி 14 நாள் உற்பத்தியாளராலும் கப்பலாலும். 6 நாள் நீடிப்பில் போய்விடுகிறது. இரண்டு அறையின் 20 மில்லியனில் 1%, இரண்டு வாரம்: 400,000 ரூபாய். 0.5% என்று போராடி வென்றிருந்தால் 200,000. வரைவின்படி 4 மில்லியன். இருநூறாயிரத்தைக் கொடுத்து மூன்றரை மில்லியனுக்கு மேல் காப்பாற்றுகிறீர்கள்.

அனுப்பும்போது பதிலுக்கு ஏதாவது வையுங்கள். வெறும் கழித்தல் கேட்கும் கடிதத்துக்கு எந்தக் கொள்வனவுப் பிரிவும் மேலிடத்தில் ஒப்பம் வாங்கித்தர முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உற்பத்தி நிலை அறிக்கையும் புகைப்படமும், கப்பல் ஏறியதும் சரக்கு ஏற்றியதற்கான ரசீதான பில் ஒஃப் லேடிங்கின் பிரதி, பிந்தும் என்று தெரிந்தால் பெனல்களை மட்டும் உங்கள் செலவில் விமானத்தில் எடுப்பதாக ஓர் உறுதி. பம்பியை விமானத்தில் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. பெனல் எடை குறைந்தது, அதற்கான விலையை உற்பத்தியாளரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு உண்மையில் வேண்டியது சாமான்தான், எல்டி அல்ல என்பதால் இந்த உறுதி அவருக்குச் சதவீதத்தைவிடப் பெறுமதியானது. அவர் மூடியே முடியாது என்று நின்றால், இரண்டு விலை கொடுங்கள்: மூடியோடு 40 மில்லியன், மூடியில்லாமல் அதற்கு மேல் ஆபத்துக்கான தொகை சேர்த்து. பெரும்பாலும் அதோடு பேச்சு வேறு திசையில் போகும்.

பணம் கழிக்கும் முறையையும் விட்டுவிடாதீர்கள். கழிக்குமுன் 7 நாள் அறிவித்தலும் நாள்கணக்குத் தாளும் தர வேண்டும், இந்த ஓடரின் இன்வொய்ஸிலிருந்து மட்டும் கழிக்கலாம், வேறு தளத்தின் பாக்கியில் கைவைக்கக் கூடாது. நீங்கள் 10% செயலாற்றுகைப் பிணை கொடுத்திருந்தால் அது வேண்டியவுடன் வங்கி கொடுக்கும் வகையாகத்தான் இருக்கும். அதில் 4 மில்லியன் ஒரே கடிதத்தில் போய்விடலாம். பிணையை உடைப்பது, உரிய எல்டி கழிக்கப்படாமல் மிகுந்திருக்கும் அளவுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வங்கி அதைப் பார்க்காது. ஆனால் அதிகமாக எடுத்ததைத் திருப்பிக் கேட்க உங்களிடம் ஒரு வரி இருக்கும்.

இவையெல்லாம் தனியார் ஓடருக்கு. இதே பம்பியை அரச நிறுவனத்துக்குக் கேள்விப்பத்திரத்தில் கொடுப்பதானால் விதி வேறு. அங்கே நிபந்தனைகள் எல்லோருக்கும் ஒன்று. உங்கள் விலைமனுவில் எல்டியை மாற்றி எழுதினால் மனுவே தகுதியற்றதாகத் தள்ளப்படலாம். திருத்தம் கேட்கும் ஒரே இடம், மனு முடிவடையும் திகதிக்கு முன்னான விளக்கம் கோரும் காலமும் முன்கூட்டமும்தான். அங்கே எழுத்தில் கேட்டால் பதில் எல்லா விலைமனுதாரருக்கும் போகும், மாற்றினால் எல்லோருக்கும் மாறும். மாற்றாவிட்டால் ஒப்படைக்கும் காலத்தை நிபந்தனை அனுமதிக்கும் எல்லைவரை நீட்டிக் காட்டுங்கள், மிகுதி ஆபத்தை விலையில் சேருங்கள், அல்லது அந்தக் கேள்விப்பத்திரத்தை விட்டுவிடுங்கள்.